கண்ணாடிக்குள் மாட்டிக்கொண்ட வெளிச்சம்: மாறுநிலைக் கோணம் யாருடைய கோணம்?

ஒரு கண்ணாடி டம்ளரில் (எவர்சில்வர் உதவாது) முக்கால்வாசி தண்ணீர் ஊற்றிக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். மேலே இருந்து குனிந்து, தண்ணீரின் மேற்பரப்பு வழியாக டம்ளரின் பக்கச் சுவரை உள்ளிருந்து பாருங்கள். சுவர் வெள்ளி பூசியதுபோல் பளபளவென்று இருக்கும், அதற்கு அந்தப் பக்கம் டம்ளரைப் பிடித்திருக்கும் உங்கள் விரல்களைக் காணோம். இப்போது விரலைக் கொஞ்சம் நனைத்து அழுத்திப் பிடியுங்கள். பளபளப்பை ஓட்டை போட்டதுபோல விரல் ரேகைகள் மட்டும் தெரியும், விரல் முழுசாக அல்ல, ரேகையின் மேடுகள் மட்டும்.

முழு அக எதிரொளிப்பு என்று பிளஸ் டூவில் படித்தது இதுதான். படித்தவர்களில் பாதிப் பேர் "கண்ணாடியோட மாறுநிலைக் கோணம் 42 டிகிரி" என்று ஒப்பிப்பார்கள். அது பாதி வாக்கியம். மீதிப் பாதியை விட்டுவிட்டதால்தான் முப்பட்டகத்தைத் தண்ணீரில் முக்கியதும் கணக்கு தப்புகிறது, ஒளியிழை வந்ததும் எந்தக் கோணத்தை எங்கே போடுவது என்று குழப்பம் வருகிறது.

## முதலில் கோணத்தை எங்கிருந்து அளப்பது

ஒளிக்கதிர் ஒரு பரப்பில் போய் மோதும் இடத்தில், பரப்புக்கு நேர் செங்குத்தாக ஒரு கோடு போடுங்கள். அதுதான் செங்குத்துக்கோடு. மோத வரும் கதிருக்கும் இந்தக் கோட்டுக்கும் இடையே உள்ளது படுகோணம், தாண்டிப் போகும் கதிருக்கும் இதே கோட்டுக்கும் இடையே உள்ளது விலகுகோணம். பரப்பிலிருந்து அளப்பதில்லை. சுவரை ஒட்டி உரசிக்கொண்டு போகும் கதிருக்குப் படுகோணம் பெரியது, 80, 85 என்று இருக்கும். இதைப் பலர் தலைகீழாகப் பிடித்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் கண்ணுக்குத் தெரிவது பரப்பு, செங்குத்துக்கோடோ நாமாகப் போட்டுக்கொள்வது.

அடுத்து ஒளிவிலகல் எண். வெற்றிடத்தில் ஒளி விநாடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும், காற்றிலும் கிட்டத்தட்ட அதே வேகம்தான். சாதாரணக் கண்ணாடிக்குள் அது 2 லட்சம். எத்தனை மடங்கு குறைந்தது? 1.5. கண்ணாடியின் ஒளிவிலகல் எண் அவ்வளவுதான். தண்ணீருக்கு 1.33. பாடப்புத்தகம் இதை "அடர்மிகு ஊடகம், அடர்குறை ஊடகம்" என்று சொல்லும், அந்த "அடர்" எடை சம்பந்தப்பட்டது இல்லை. தேங்காய் எண்ணெய் தண்ணீரில் மிதக்கும், ஆனால் அதன் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.45, தண்ணீரைவிட அதிகம். ஒளியைப் பொறுத்தவரை எண்ணெய்தான் அடர்மிகு ஊடகம்.

## கரையோரம் ஓடும் நுரை

கடற்கரையில் நின்று, கொஞ்சம் சாய்வாக வரும் நீளமான ஓர் அலையைக் கவனித்திருக்கிறீர்களா? அதன் ஒரு முனை முதலில் கரையைத் தொட்டு உடையும், பிறகு உடையும் இடம் கரையோரமாக ஓடும். நுரை ஓட்டப்பந்தயம் ஓடுவதுபோல இருக்கும். அலை கரையை நோக்கி வரும் வேகம் வேறு, கரையோரம் நுரை ஓடும் வேகம் வேறு. அலை நேராக வந்தால் முழு நீளமும் ஒரே நொடியில் உடையும், அதாவது நுரை எல்லையில்லாத வேகத்தில் ஓடியதாகக் கணக்கு. சாய்வு கூடக் கூட நுரை மெதுவாகும். ஆனால் எவ்வளவு சாய்ந்தாலும் அலையின் சொந்த வேகத்துக்குக் கீழே அது இறங்காது.

ஒளியும் அலைதான். கண்ணாடிக்குள்ளிருந்து ஓர் ஒளியலை சாய்வாக வந்து காற்றின் எல்லையைத் தொடுகிறது, தொடும் இடம் எல்லையோரமாக ஓடுகிறது. அந்த ஓட்ட வேகம்:

```
எல்லையோர வேகம் = கண்ணாடியில் ஒளியின் வேகம் / sin(படுகோணம்)
```

காற்றுப் பக்கம் உண்டாகும் அலையைக் கிளப்பிவிடுவதே இந்த ஓடும் புள்ளிதான். ஆகவே இரண்டு அலைகளும் எல்லையில் ஒரே வேகத்தில், தோளோடு தோள் சேர்ந்து ஓடியாக வேண்டும். இந்த நிபந்தனையை இரண்டு பக்கத்துக்கும் எழுதிச் சமப்படுத்தினால் கிடைப்பதுதான் ஸ்நெல் விதி என்று நாம் மனப்பாடம் செய்த ஒளிவிலகல் விதி:

```
n1 × sin i = n2 × sin r
```

`n1` கதிர் இப்போது இருக்கும் ஊடகத்தின் எண், `n2` அது போகப் பார்க்கும் ஊடகத்தின் எண். `i` படுகோணம், `r` விலகுகோணம்.

இப்போது எண்களைப் போட்டுப் பாருங்கள். கண்ணாடிக்குள் படுகோணம் 30 டிகிரி என்றால் எல்லையோர வேகம் 2 லட்சத்தை 0.5 ஆல் வகுத்தால் 4 லட்சம். காற்று அலையால் இதற்கு ஈடுகொடுக்க முடியுமா? முடியும், 48.6 டிகிரியில் சாய்ந்துகொண்டால் அதன் எல்லையோர வேகமும் 4 லட்சம் ஆகிவிடும். (ஒளியைவிட வேகமா என்று பயப்பட வேண்டாம். நுரையைப் போலத்தான், அங்கே எந்தப் பொருளும் ஓடவில்லை.) படுகோணம் 41.8 ஆனதும் எல்லையோர வேகம் சரியாக 3 லட்சம். காற்று அலை முழுதாகச் சாய்ந்து, எல்லையை உரசிக்கொண்டே ஓடினால் மட்டும் சமாளிக்கலாம். 45 டிகிரிக்குப் போங்கள், வேகம் 2.83 லட்சம். காற்றில் எந்தப் பக்கம் சாய்ந்து ஓடினாலும் 3 லட்சத்துக்குக் கீழே எல்லையோர வேகம் வராதே! ஜோடி சேர ஆளில்லை. வெளியே போக வழியில்லாத ஒளி முழுவதும் கண்ணாடிக்குள்ளேயே திரும்புகிறது.

அந்த 41.8 தான் மாறுநிலைக் கோணம். விலகுகோணம் 90 டிகிரியைத் தொடும் படுகோணம் என்று புத்தகம் சொல்வதும் இதைத்தான்:

```
sin C = n2 / n1
```

இதுவரை வந்ததைப் பிடித்துக்கொள்ள இரண்டே வரி போதும். மெதுவான ஊடகத்திலிருந்து வேகமான ஊடகத்துக்குப் போகும்போது மட்டும்தான் இந்த முட்டுக்கட்டை வரும். அது எந்தக் கோணத்தில் வரும் என்பதை இரண்டு ஊடகமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன, கண்ணாடி தனியாக அல்ல.

இன்னொரு விஷயம். 41.8 வரைக்கும் ஒளி முழுதாக வெளியே போகிறது, அதற்கு மேல் சட்டென்று கதவு சாத்தப்படுகிறது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். எந்தக் கோணத்திலும் கொஞ்சம் ஒளி உள்ளே திரும்பத்தான் செய்கிறது. நேராக மோதினால் சுமார் 4 சதவீதம், 41 டிகிரியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், அதன்பிறகு ஒரு டிகிரிக்குள் விறுவிறுவென ஏறி 100. பெயரில் "முழு" என்ற சொல் ஒட்டிக்கொண்டிருப்பது இதனால்தான்.

## முப்பட்டகக் கணக்கு, காய்ந்ததும் நனைந்ததும்

வழக்கமாக வரும் கேள்வி: 45, 90, 45 டிகிரிக் கோணங்கள் கொண்ட கண்ணாடி முப்பட்டகம், எண் 1.5. ஒரு சிறிய பக்கத்தில் கதிர் நேர் செங்குத்தாக நுழைகிறது. பிறகு என்ன ஆகும்?

முதல் பக்கத்தில் படுகோணம் பூஜ்யம், ஆகவே வளையாமல் நேரே உள்ளே போகிறது. அடுத்து நீளமான சாய்ந்த பக்கத்தில் மோதுகிறது. அங்கே செங்குத்துக்கோடு போட்டுப் பார்த்தால் படுகோணம் 45. காற்றுக்கு எதிரே மாறுநிலைக் கோணம் 41.8, நம்முடைய 45 அதைவிடப் பெரியது, எனவே முழு அக எதிரொளிப்பு. கதிர் 90 டிகிரி திரும்பி மூன்றாவது பக்கத்தின் வழியாக நேராக வெளியேறுகிறது. பல பைனாகுலர்களுக்குள் முகம் பார்க்கும் ஆடி இல்லாமல் முப்பட்டகங்கள் இருப்பதன் காரணம் இதுதான், வெள்ளிப் பூச்சு மங்கும், இந்த எதிரொளிப்பு மங்காது.

இப்போது கேள்வியின் இரண்டாம் பகுதி வரும்: சாய்ந்த பக்கத்தின் மேல் தண்ணீர் பட்டால்? முன்பு கண்டுபிடித்த 41.8 ஐயே எடுத்துப் போட்டு, "45 பெரிது, ஆகவே அதே விடை" என்று எழுதுபவர்கள் ஏராளம். கண்ணாடி மாறவில்லைதான், ஆனால் அதைத் தொட்டுக்கொண்டிருப்பது மாறிவிட்டது. தண்ணீரில் ஒளி காற்றைவிட மெதுவாகப் போகும், ஆகவே 3 லட்சத்துக்குக் கீழே வரும் எல்லையோர வேகத்தோடும் தண்ணீர் அலையால் ஜோடி சேர முடியும்.

```
sin C = 1.33 / 1.5 = 0.887      C = 62.5°
1.5 × sin 45° = 1.33 × sin r
sin r = 0.798                   r = 52.9°
```

45 இப்போது மாறுநிலைக் கோணத்தைவிடச் சின்னது. ஒளியின் பெரும்பகுதி 52.9 டிகிரியில் தண்ணீருக்குள் கசிந்து போய்விடும்.

சரிபார்க்க கால்குலேட்டரே போதும். காற்றுக்கான கணக்கில் `sin r` கண்டுபிடிக்கப் போனால் 1.5 × 0.707, அதாவது 1.06 வரும். அதற்கு `sin⁻¹` போட்டால் திரையில் `Math ERROR`. பயப்படாதீர்கள், இங்கே அந்தப் பிழைச்செய்திதான் விடை, அப்படியொரு விலகுகோணமே இல்லை என்று சொல்கிறது. ஆனால் மாறுநிலைக் கோணத்தையே கணக்கிடும்போது அதே செய்தி வந்தால் வேறு அர்த்தம். பின்னத்தைத் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள், அல்லது ஒளி காற்றிலிருந்து கண்ணாடிக்குள் போகிறது, அந்தத் திசையில் மாறுநிலைக் கோணமே கிடையாது.

டம்ளரில் பார்த்த விரல் ரேகைக்கு இப்போது வருவோம். ரேகையின் மேடு ஈரத்தோடு சேர்ந்து கண்ணாடியைத் தொடுகிறது, அந்த இடத்தில் ஒளி தோலுக்குள் ஒழுகிவிடுகிறது. மேடுகளுக்கு நடுவில் உள்ள பள்ளத்தில் காற்று, அங்கே ஒளி திரும்பி வருகிறது. ஒளியை வைத்து வேலை செய்யும் பல கைரேகைக் கருவிகளில் நாம் விரல் வைக்கும் கண்ணாடி ஒரு முப்பட்டகத்தின் முகம்தான், கீழே இருக்கும் கேமரா பார்ப்பது பளிச்சென்ற பின்னணியில் கறுப்பு ரேகைகளை. விரல் காய்ந்து வெடித்திருந்தால் மேடுகள் கண்ணாடியோடு சரியாக ஒட்டாது, இடையில் மெல்லிசாகக் காற்று நின்றுவிடும், ரேகை விழாது. ஈரத்துணியில் விரலைத் துடைத்துவிட்டு வைக்கச் சொல்கிறார்களே, அது மூடநம்பிக்கை இல்லை.

## ஒளியிழை: இரண்டு முகம், இரண்டு கோணம்

ஒளியிழையின் நடுவில் ஒளி ஓடும் கண்ணாடித் தண்டு இருக்கிறது, அது உள்ளகம். அதைச் சுற்றி எண் சற்றே குறைந்த இன்னொரு கண்ணாடி, அது உறை. ஒரு மாதிரிக் கணக்குக்கு உள்ளகம் 1.48, உறை 1.46 என்று வைத்துக்கொள்வோம். கேள்வி: இழையின் முனையில், காற்றிலிருந்து, அச்சுக்கு 10 டிகிரி சாய்வில் நுழையும் கதிர் உள்ளேயே தங்குமா? 20 டிகிரி என்றால்?

முதலில் சுவரில் மாறுநிலைக் கோணம்: `sin C = 1.46 / 1.48`, ஆகவே C = 80.6 டிகிரி. இதைக் கண்டுபிடித்த கையோடு "10, 80.6 ஐவிடச் சின்னது, ஆகவே தப்பிவிடும்" என்று எழுதினால் போச்சு. 10 டிகிரி என்பது முனை முகத்தில் அளந்தது, அந்த முகத்தின் செங்குத்துக்கோடு இழையின் அச்சு. 80.6 என்பது பக்கச் சுவரில் அளந்தது, அதன் செங்குத்துக்கோடு அச்சுக்குக் குறுக்கே போவது. ஒரு வீட்டு வாசல் நிலையின் உயரத்தை ஜன்னல் உயரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுபோல இது.

வாசலில் ஒரு முறை ஒளிவிலகல் விதி, பிறகு சுவரில் சோதனை, இந்த வரிசையில்தான் போக வேண்டும்.

```
10°:  sin r = sin 10° / 1.48 = 0.117    r = 6.7°
      சுவரில் படுகோணம் = 90 − 6.7 = 83.3°   (80.6 ஐவிடப் பெரிது)

20°:  sin r = sin 20° / 1.48 = 0.231    r = 13.4°
      சுவரில் படுகோணம் = 90 − 13.4 = 76.6°  (80.6 ஐவிடச் சிறிது)
```

10 டிகிரிக் கதிர் தங்கும், 20 டிகிரிக் கதிர் ஒழுகும். இந்த இரண்டுக்கும் நடுவே எல்லை எங்கே? சுவரில் சரியாக 80.6 வரும்படி பின்னோக்கிப் போட்டால் நுழைவுக் கோணம் 14 டிகிரி என்று வருகிறது. அதற்குப் பெயர் ஏற்புக் கோணம்; சூத்திரமாக எழுதினால்

```
sin(ஏற்புக் கோணம்) = √(n1² − n2²) = √(1.48² − 1.46²) = 0.242
```

சுவரில் பெரிய கோணம் வேண்டும், அதனால் வாசலில் சின்னக் கோணம் வேண்டும். இந்தத் தலைகீழ் உறவை மறந்தவர்கள்தான் ஒளியிழைக் கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள்.

## உறை எதற்கு, ஆடி ஏன் கூடாது

உறையே இல்லாமல் வெறும் உள்ளகத்தைக் காற்றில் விட்டால் மாறுநிலைக் கோணம் 42.5 டிகிரிக்கு இறங்கிவிடும், முனையில் எந்தச் சாய்வில் நுழைந்தாலும் கதிர் தங்கிவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அப்புறம் எதற்கு 1.46 எண்ணுள்ள உறையைப் போட்டு வாசலைக் குறுக்க வேண்டும்? டம்ளரை நினைத்துப் பாருங்கள். வெற்று இழையை விரல் தொட்டாலும், தூசு ஒட்டினாலும், பக்கத்து இழை உரசினாலும் அந்த இடத்தில் ஒளி ஒழுகும். 1954 இல் ஹாப்கின்ஸும் நரீந்தர் சிங் கபானியும் இழைக்கட்டு வழியாகப் படம் அனுப்பியதைப் பற்றி எழுதினார்கள், அதே ஆண்டு ஹாலந்தைச் சேர்ந்த ஆப்ரஹாம் வான் ஹீல், இழைக்குக் குறைந்த எண்ணுள்ள மேல்பூச்சு கொடுக்க வேண்டும் என்று எழுதினார். எதிரொளிப்பு நடக்கும் எல்லையையே யார் கையும் படாத இடத்துக்கு, கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவே, கொண்டுபோய் வைத்துவிடுவதுதான் உறையின் வேலை.

சரி, உறைக்குப் பதில் வெள்ளி பூசி ஆடியாக்கிவிட்டால்? உள்ளகத்தின் குறுக்களவு 50 மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்முடைய 10 டிகிரிக் கதிர் உள்ளே 6.7 டிகிரி சாய்வில் போகிறது, எனவே சுமார் 0.42 மில்லிமீட்டருக்கு ஒரு தடவை சுவரில் மோதும். ஒரு மீட்டருக்குள் ஏறத்தாழ 2,400 மோதல். 99 சதவீதம் ஒளியைத் திருப்பும் அருமையான ஆடி என்றாலும் 69 மோதலில் பாதி ஒளி காலி, அதாவது மூன்று சென்டிமீட்டர்கூடத் தாண்டாது! அக எதிரொளிப்பில் மோதலுக்கான இழப்பு இல்லை. கிலோமீட்டர் கணக்கில் போகும்போது மிச்சமிருக்கும் இழப்பு வேறு வகை, கண்ணாடிக்குள்ளேயே ஒளி சிதறுவதும் உறிஞ்சப்படுவதும்.

ஒரு எச்சரிக்கை. கதிர் குதித்துக் குதித்துப் போகும் இந்தப் படம் 50 மைக்ரோமீட்டர் போன்ற அகலமான உள்ளகத்துக்குப் பொருந்தும். வீட்டு இணைய இணைப்பில் வரும் இழையின் உள்ளகம் 9 மைக்ரோமீட்டர் அளவுதான், அங்கே ஒளியை அலையாகவே கையாள வேண்டும், கோடு போட்டுக் கணக்குப் பண்ண முடியாது. ஆனால் ஒரு விஷயம் இரண்டுக்கும் பொது: இழையை இறுக்கி வளைத்தால் ஒளி ஒழுகும். நேரான சுவரில் உரசிக்கொண்டு வந்த கதிர், சுவர் திடீரென்று திரும்பினால் முன்பைவிட நேராக மோதும், படுகோணம் மாறுநிலைக் கோணத்துக்குக் கீழே இறங்கிவிடும்.

போன மாதம் வீட்டில் பீரோவைச் சுவரோடு ஒட்டித் தள்ளினோம். அரை மணி நேரத்தில் இணையம் போச்சு, பெட்டியில் `LOS` என்ற சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. சரிசெய்ய வந்த தம்பி வெளியில் இருந்த இணைப்பைக் கழற்றி, பேனா மாதிரி ஒரு சிவப்பு லேசரைச் செருகினார். பிறகு அறை விளக்கை அணைத்துவிட்டு, "சார், பீரோவுக்குப் பின்னாடி எட்டிப் பாருங்க" என்றார். வெள்ளை ஒயரின் நீளம் முழுக்க இருட்டு, பீரோவின் கால் ஒயரை மடித்திருந்த ஒரே இடத்தில் மட்டும் மிளகாய்ப்பழம் மாதிரி சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. பீரோவை நாலு விரற்கடை முன்னால் இழுத்தோம், ஒயர் நிமிர்ந்தது, சிவப்பு அணைந்தது.